முதலில் அடிப்பவர் ஏன் அடிக்கவில்லை? பனிப்போர் பாடத்தில் ஒரு புளியங்கொட்டைச் சோதனை

பத்தாம் வகுப்பில் பனிப்போர் பகுதியை நடத்திக்கொண்டிருந்தேன். அமெரிக்காவிடமும் சோவியத் ஒன்றியத்திடமும் ஆயிரக்கணக்கான அணு ஆயுதங்கள் இருந்தன, இருந்தும் இரண்டும் நேரடியாக மோதிக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போகப் பார்த்தேன். மூன்றாவது பெஞ்சில் இருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், முதல்ல அடிக்கிறவங்க ஜெயிச்சிருவாங்கல்ல? அப்புறம் ஏன் யாருமே அடிக்கல?"

"இரண்டு பேரிடமும் குண்டு இருந்ததால் பயம்மா" என்றேன். அவள் உட்காரவில்லை.

"அவங்ககிட்ட இருக்கிற குண்டு எல்லாத்தையும் முதல்லயே அழிச்சிட்டா, அவங்க எதை வச்சு சார் திருப்பி அடிப்பாங்க?"

மணி அடித்தது, தப்பித்தேன். ஆனால் அன்று மாலை பேருந்தில் வரும்போது யோசித்துப் பார்த்தால், பல ஆண்டுகளாக நான் சொல்லிவந்த விடை பாதி விடைதான். இரு தரப்பிடமும் குண்டு இருப்பது மட்டும் யாரையும் தடுத்துவிடாது. அவள் கேட்டதுதான் 1950களில் அமெரிக்கப் போர்த்திறன் அறிஞர்களின் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. அதை வகுப்பில் எப்படி விளக்கினேன் என்பதை இங்கே எழுதுகிறேன். இந்தப் பகுதியை நடத்தும் நண்பர்கள் தங்கள் வகுப்பிலும் செய்து பார்க்கலாம். செலவு ஒரு கைப்பிடி புளியங்கொட்டை.

மறுநாள் மேசைக்கு இருபுறமும் இருவரை நிறுத்தினேன். ஒருவர் அமெரிக்கா, மற்றவர் சோவியத் ஒன்றியம். ஆளுக்குப் பத்துக் கொட்டை. ஒரு கொட்டை ஓர் ஏவுகணை. நிலவரைபடப் புத்தகத்தைப் பார்த்து ஆளுக்கு ஆறு நகரங்களைத் துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஒருவர் நியூயார்க், சிகாகோ என்று எழுத, மற்றவர் மாஸ்கோ, லெனின்கிராட், கீவ் என்று எழுதினார். லெனின்கிராட் இன்று எந்தப் பெயரில் இருக்கிறது என்று ஐந்து நிமிடம் போனது, அது வேறு கதை.

விதி இரண்டே. ஒரு நகரை அழிக்க ஒரு வெடிமுனை போதும். ஆனால் எதிரியின் ஏவுகணை நிலத்தடியில் கான்கிரீட் குழிக்குள் இருக்கிறது. நாம் ஏவும் எல்லாமே குறி தப்பாமல் விழும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஒரு கொட்டையை உறுதியாக அழிக்க இரண்டு வெடிமுனை வேண்டும். உண்மையான திட்டங்களிலும் ஒரு குழிக்கு இரண்டு என்ற கணக்குதான் வழக்கத்தில் இருந்தது.

முதல் ஆட்டத்தில் ஒரு கொட்டைக்கு ஒரு வெடிமுனை. அமெரிக்கா முதலில் அடிக்கிறது. பத்தையும் ஏவினாலும் ஐந்து கொட்டையைத்தான் அழிக்க முடிகிறது. இப்போது அமெரிக்காவின் கை காலி, சோவியத்திடம் ஐந்து மீதம். அந்த ஐந்தும் ஐந்து நகரங்களின் மேல் விழும். முதலில் அடித்தவருக்கே நட்டம். வகுப்பு இதை உடனே பிடித்துக்கொண்டது.

இரண்டாவது ஆட்டத்தில் ஒரே ஒரு மாற்றம். ஒவ்வொரு கொட்டையிலும் மூன்று வெடிமுனைகள், மூன்றும் தனித்தனி இலக்குக்குப் போகும். இது கற்பனை அல்ல. 1970இல் அமெரிக்கா நிறுத்திய மினிட்மேன் 3 ஏவுகணை இப்படித்தான் மூன்று வெடிமுனைகளைத் தாங்கியது. இப்போது கணக்கைப் போடச் சொன்னேன். எதிரியின் பத்துக் கொட்டைகளை அழிக்க இருபது வெடிமுனை தேவை. ஏழு கொட்டையை ஏவினால் இருபத்தொன்று கிடைத்துவிடும். எதிரியிடம் ஒன்றும் மிஞ்சாது, நம்மிடம் மூன்று கொட்டை, ஒன்பது வெடிமுனை மிஞ்சும். "நான் சொன்னேன்ல சார்" என்றாள் அந்த மாணவி.

அவள் சொன்னது சரி. இரு தரப்பும் சம எண்ணிக்கையில் ஆயுதம் வைத்திருந்தும் இந்த ஆட்டத்தில் முதலில் அடிப்பவர் வெல்கிறார். எண்ணிக்கை சமமாக இருந்தால் அமைதி நிலவும் என்ற நம் வழக்கமான விளக்கம் இங்கேயே உடைந்துவிடுகிறது. இன்னொன்றையும் மாணவர்களே கண்டுபிடித்தார்கள். எதிரே நிற்பவரும் இதே கணக்கைப் போட்டிருப்பார். 'நான் அடிக்காவிட்டால் அவன் அடிப்பான்' என்ற எண்ணம் இருவருக்கும் வந்துவிடும். யாருக்கும் போர் வேண்டாம் என்றாலும் யார் முந்துவது என்ற அவசரம் மட்டும் மிஞ்சும்.

மூன்றாவது ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு கொட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். மேசையில் எட்டு, பையில் இரண்டு. பையில் இருப்பது எங்கே என்று எதிரிக்குத் தெரியாது, அதனால் குறிவைக்க முடியாது. அமெரிக்கா ஆறு கொட்டையை ஏவி மேசையில் இருக்கும் எட்டையும் துடைத்துவிடுகிறது. சோவியத் மாணவன் பையில் இருந்து இரண்டை எடுத்து மேசையில் வைத்தான். இரண்டு கொட்டை, ஆறு வெடிமுனை, ஆறு நகரம். அமெரிக்காவிடம் இன்னும் நான்கு கொட்டை இருக்கிறது. ஆனால் நியூயார்க் இல்லை, சிகாகோ இல்லை, எதுவுமே இல்லை.

"இப்ப அடிப்பியா?" என்று அமெரிக்காவாக நின்ற மாணவனிடம் கேட்டேன். தலையை ஆட்டினான். அதே கேள்வியை எதிரே நின்றவனிடமும் கேட்டேன். அவனும் தலையாட்டினான். பை இருவரிடமும் இருக்கிறதே.

அச்சமூட்டித் தடுத்தல் என்று பாடநூல்களும் பத்திரிகைகளும் சொல்வது இந்த நிலையைத்தான். தாக்கினால் தாங்க முடியாத பதிலடி கிடைக்கும் என்ற அச்சத்தால் எதிரியைத் தாக்காமல் நிறுத்தி வைப்பது. இதில் முக்கியமானது, எதிரி தன் முழு பலத்தோடும் முதலில் அடித்த பிறகும் நம்மிடம் மிஞ்சி நிற்கும் ஆயுதம். இதை இரண்டாம் தாக்குதல் திறன் என்பார்கள். மேசையில் எத்தனை கொட்டை இருக்கிறது என்பதைவிடப் பையில் இரண்டு இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி.

இதை அமெரிக்காவுக்கு உறைக்கச் சொன்னவர் ஆல்பர்ட் வோல்ஸ்டெட்டர். ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் இருந்தவர். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் குண்டுவீச்சு விமானங்களைப் பற்றி ஆராய்ந்தபோது, வெளிநாட்டுத் தளங்களில் அவை திறந்தவெளியில் நெருக்கமாக நிற்பதையும், ஒரே திடீர்த் தாக்குதலில் பெரும்பகுதி போய்விடும் என்பதையும் கண்டார். நம்மிடம் இத்தனை விமானம் இருக்கிறது என்று தளபதிகள் எண்ணிக்கொண்டிருந்தார்கள், அடி விழுந்த பிறகு எத்தனை பறக்கும் என்று இவர் எண்ணினார். 1959இல் அவர் எழுதிய கட்டுரை, அச்சத்தின் சமநிலை தானாக அமைவதில்லை, எளிதில் குலையக்கூடியது என்று வாதிட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1957இல், சோவியத் ஒன்றியம் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையைச் சோதித்து, ஸ்புட்னிக்கையும் ஏவியிருந்தது. விமானம் பல மணிநேரம் பறந்து கடக்கும் தூரத்தை ஏவுகணை ஏறத்தாழ முப்பது நிமிடத்தில் கடந்துவிடும்.

விடை கடலுக்கடியில் கிடைத்தது. 1960 நவம்பரில் ஜார்ஜ் வாஷிங்டன் என்ற அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் பதினாறு போலாரிஸ் ஏவுகணைகளோடு தன் முதல் ரோந்துக்குக் கிளம்பியது. மாதக்கணக்கில் வெளியே வராமல் மூழ்கியே இருக்கக்கூடிய கப்பல். என் மாணவர்களின் சட்டைப் பை இதுதான். சில ஆண்டுகளில் சோவியத் ஒன்றியமும் இத்தகைய கப்பல்களைக் கடலில் இறக்கியது.

அடுத்து எழுந்த கேள்வி, பையில் எவ்வளவு இருந்தால் போதும் என்பது. 1961 முதல் 1968 வரை அமெரிக்கப் பாதுகாப்புத் துறைச் செயலராக இருந்த ராபர்ட் மக்னமாரா இதற்கு ஓர் அட்டவணையே வெளியிட்டார். ஒரு மெகாடன் அளவுள்ள வெடிமுனைகள் 400 போய்ச் சேர்ந்தால் சோவியத் மக்கள்தொகையில் சுமார் 30 விழுக்காடும் தொழில்துறையில் 76 விழுக்காடும் அழியும். அதை இருமடங்காக்கி 800 ஆக்கினால்? மக்கள்தொகையில் 39, தொழில்துறையில் 77. ஆயுதம் இரட்டிப்பாகியும் தொழில்துறை அழிவு ஒரே ஒரு விழுக்காடுதான் கூடுகிறது. பெரிய நகரங்கள் எல்லாம் முன்னமே போய்விட்டன, மிச்சம் இருப்பவை சிற்றூர்கள். இந்த இரண்டு வரிகளைக் கரும்பலகையில் எழுதி வரைபடமாக வரையச் சொன்னேன். கணித ஆசிரியர்கள் இதை வேறு பாடத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம். கோடு மேலே ஏறிப் பிறகு படுத்துவிடுவதை மாணவர்கள் கண்ணால் பார்த்தார்கள். அந்தக் கோட்டின் ஒவ்வொரு புள்ளியும் கோடிக்கணக்கான மனிதர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். சொன்னேன். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

மக்னமாரா இதற்கு வைத்த பெயர் 'உறுதியான அழிவு'. இன்னும் குண்டு வேண்டும், இன்னும் ஏவுகணை வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்த படைத்தலைமைக்கு 'இது போதும்' என்று சொல்ல அவருக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. உண்மையான போர்த் திட்டங்கள் நகரங்களோடு ஏராளமான படைத்தளங்களையும் குறிவைத்தன என்பதை மறந்துவிடக் கூடாது. அந்தப் பெயரின் முன்னால் 'பரஸ்பர' என்ற சொல்லைச் சேர்த்தவர் டொனால்ட் பிரென்னன். அவர் இந்தக் கொள்கையை எதிர்த்தவர். மூன்று ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'மேட்' என்று வரும், அதாவது பைத்தியம். கேலிக்காக வைத்த பெயர், கடைசியில் அதுவே நிலைத்துவிட்டது. பரஸ்பர உறுதியான அழிவு என்பதை ஏதோ இரண்டு நாடுகள் உட்கார்ந்து தீட்டிய திட்டம் என்று நான் முன்பு நினைத்திருந்தேன். மூன்றாவது ஆட்டத்தில் இருவர் பையிலும் கொட்டை இருந்ததே, அந்த நிலைமையின் பெயர் அது. விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இருவரும் அதற்குள் மாட்டிக்கொண்டார்கள்.

இனி என் பார்வையில் பாடத்தின் மிகக் கடினமான இடம். நான்காவது ஆட்டம். அமெரிக்க மாணவனுக்கு மட்டும் ஒரு கவசம் கொடுத்தேன், ஒரு நோட்டு அட்டை. வரும் வெடிமுனைகளில் ஆறை அது தடுத்துவிடும். "இது யாரையும் அடிக்காது, காப்பாத்த மட்டும்தான். இதனால ஆபத்து உண்டா?" என்று கேட்டேன். கிட்டத்தட்ட எல்லாரும் இல்லை என்றார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தோம். சோவியத் முதலில் தன்னிடம் உள்ள பத்தையும் ஏவினால் முப்பது வெடிமுனை வரும். ஆறைத் தடுத்தாலும் இருபத்து நான்கு விழும். ஆக, முழுத் தாக்குதலுக்கு முன் அட்டை எதற்கும் உதவாது. இப்போது அமெரிக்கா முதலில் அடிக்கட்டும். சோவியத்தின் எட்டும் அழிகிறது, பையில் இருக்கும் இரண்டிலிருந்து ஆறு வெடிமுனை கிளம்புகிறது. அட்டை ஆறையும் தடுத்துவிடுகிறது. அமெரிக்காவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அந்த அட்டை முதலில் அடிப்பவருக்கு மட்டுமே பயன்படுகிறது!

சோவியத் மாணவனிடம் இனி என்ன செய்வாய் என்றேன். "நானும் பையில இன்னும் ரெண்டு போட்டுக்குவேன்" என்றான். பக்கத்தில் இருந்தவன், "அவன் அட்டையைச் செஞ்சு முடிக்கிறதுக்குள்ள அடிச்சிரணும் சார்" என்றான். இரண்டாவது விடை எனக்கே கொஞ்சம் நடுக்கம் தந்தது.

இதே வாதத்தை மக்னமாரா 1967 ஜூனில், நியூஜெர்சி மாநிலத்தின் கிளாஸ்பரோ என்ற சிற்றூரில், சோவியத் பிரதமர் கொசிகினிடம் வைத்தார். மாஸ்கோவைச் சுற்றி இடைமறிப்பு ஏவுகணைகளை நிறுத்த சோவியத் தொடங்கியிருந்த நேரம். கொசிகினுக்குக் கோபம் வந்தது. தற்காப்பு நியாயமானது, தாக்குதல்தான் அநியாயம் என்பது அவர் பதில். என் வகுப்பு முதலில் சொன்னதும் அதுதானே. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1972 மே 26 அன்று, நிக்சனும் பிரெஷ்னேவும் மாஸ்கோவில் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஒவ்வொரு நாடும் இரண்டே இடங்களில், இடத்துக்கு நூறு இடைமறிப்பு ஏவுகணைகள் மட்டும் வைத்துக்கொள்ளலாம். 1974இல் அது ஓர் இடமாகக் குறைந்தது. தம் மக்களைக் காக்கும் கவசத்தைக் கட்ட மாட்டோம் என்று இரு வல்லரசுகள் எழுதிக் கொடுத்ததைப் பாடநூலில் ஒரு வரியாகப் படித்தால் புரியாது. நான்காவது ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும். 2002இல் அமெரிக்கா இதிலிருந்து விலகிக்கொண்டது. இரண்டாவது ஆட்டத்தின் ஆபத்தையும் அவர்கள் அறிந்தே இருந்தார்கள். மினிட்மேன் ஏவுகணைகளில் வெடிமுனைகளைக் குறைத்து ஒவ்வொன்றாக ஆக்கும் வேலையை அமெரிக்கா 2014இல் முடித்தது.

நம் மாணவர்கள் இந்தியாவைப் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். 2003இல் வெளியிட்ட கொள்கையில், அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று இந்தியா அறிவித்தது. அப்படிச் சொல்லும் நாட்டுக்கு, முதல் அடியைத் தாங்கி மிஞ்சும் பை கட்டாயம் தேவை. 2018இல் அரிஹந்த் நீர்மூழ்கிக் கப்பல் தன் முதல் தடுப்பு ரோந்தை முடித்தது என்று அரசு அறிவித்ததன் பொருள் இதுதான்.

இத்தனையும் சொன்ன பிறகு, ஆட்டம் மறைக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். மேசையில் கொட்டை கிளம்புவதை எல்லாரும் கண்ணால் பார்க்கிறோம். உண்மையில் யாரும் பார்ப்பதில்லை, கருவி சொல்கிறது. கருவி தவறினால்? 1979 நவம்பர் 9 அன்று அமெரிக்க வான்பாதுகாப்பு மையத்தின் திரைகளில் பெரிய சோவியத் தாக்குதல் ஒன்று தெரிந்தது. பயிற்சிக்கான தரவு உண்மையான அமைப்புக்குள் புகுந்திருந்தது. மற்றக் கருவிகளோடு ஒப்பிட்ட பிறகே தவறு தெரிந்தது.

1983 செப்டம்பர் 26 நள்ளிரவு கடந்த நேரம். மாஸ்கோவுக்குத் தெற்கே உள்ள எச்சரிக்கை மையத்தில் பணியில் இருந்தவர் லெப்டினன்ட் கர்னல் ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ். அமெரிக்காவில் இருந்து ஓர் ஏவுகணை கிளம்பிவிட்டது என்று செயற்கைக்கோள் அமைப்பு அலறியது. பிறகு இன்னும் நான்கு. அந்த மாதத் தொடக்கத்தில்தான் சோவியத் போர் விமானம் 269 பேரோடு சென்ற தென்கொரியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியிருந்தது, பகை உச்சத்தில் இருந்தது. பெட்ரோவ் இதைப் பொய் எச்சரிக்கை என்றே மேலே தெரிவித்தார். அவருடைய காரணங்களில் ஒன்றை என் மாணவர்களால் ஊகிக்க முடிகிறதா என்று கேட்டேன். முதலில் கேள்வி கேட்டுத் தொடங்கிவைத்த அந்த மாணவிதான் சொன்னாள்: "அஞ்சே அஞ்சை வச்சு யாரு சார் முதல்ல அடிப்பாங்க?" அதேதான். முதலில் அடிப்பவர் எல்லாவற்றையும் ஏவுவார், ஐந்தை ஏவிவிட்டுப் பதிலடிக்குக் காத்திருக்க மாட்டார். அமைப்பு புதிது என்பதும், தரை ரேடாரில் எதுவும் தெரியவில்லை என்பதும் அவருடைய மற்றக் காரணங்கள். உயரமான மேகங்களில் பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணையின் நெருப்பு என்று எடுத்துக்கொண்டது என்பது பிறகு தெரிந்தது.

இரண்டாவது பாடவேளையின் கடைசிப் பதினைந்து நிமிடங்களுக்கு ஒரு கேள்வியை வைத்திருந்தேன். நம் நாடு அழிந்துவிட்டது. பையில் கொட்டை இருக்கிறது. இப்போது திருப்பி அடித்து ஆவது என்ன? போன எந்த உயிரும் திரும்பாது. ஆனால் அடிக்க மாட்டோம் என்று எதிரிக்கு முன்பே தெரிந்திருந்தால் பையில் கொட்டை இருந்தும் பயனில்லை. செய்வதில் பொருளில்லாத ஒன்றைச் செய்தே தீருவோம் என்று எதிரியை நம்பவைப்பதில்தான் மொத்த ஏற்பாடும் தொங்குகிறது. பிரிட்டனில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. 1969 முதல் அவர்களுடைய அணு ஆயுத நீர்மூழ்கிக் கப்பல்களில் ஒன்றாவது எப்போதும் கடலில் இருக்கிறது. புதிதாக வரும் ஒவ்வொரு பிரதமரும் தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதி ஒவ்வொரு கப்பலுக்கும் அனுப்புகிறார். நாடு அழிந்து, கட்டளையிட யாரும் உயிரோடு இல்லை என்று கப்பல் தலைவர் உறுதிசெய்துகொண்டால் மட்டும் அதைப் பிரிப்பார். பதிலடி கொடு, கொடுக்காதே, இரண்டில் எதுவும் அதில் இருக்கலாம். பிரதமர் பதவி விலகினால் கடிதத்தைப் பிரிக்காமலேயே அழித்துவிடுவார்கள்.

மாணவர்களுக்கு ஆளுக்கு அரைத் தாள் கொடுத்து, அந்தக் கடிதத்தை எழுதச் சொன்னேன். பெயர் வேண்டாம், யாருக்கும் காட்ட வேண்டாம். சிலர் ஒரே சொல்லில் முடித்தார்கள். சிலர் எழுதி அடித்து மறுபடி எழுதினார்கள். மணி அடித்ததும் மடித்த தாள்களை வாங்கி, பிரிக்காமல் அவர்கள் முன்பாகவே கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.